உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு ஒரு போலிக் கணக்கு: எந்த வழியில் புகார் கொடுத்தால் எது நடக்கும்?

கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ஆன்லைன் கடைக்கு மின்கட்டணம் கட்டவும் ஆதார் திருத்தவும் வருகிறவர்களில் சிலர், போனை நீட்டி, "இது நான் இல்லைங்க, யாரோ என் போட்டோவைப் போட்டு வெச்சிருக்காங்க" என்பார்கள். அதற்குள் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் "ரிப்போர்ட் அடிங்க" என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருப்பார்கள். சிலர் ஸ்டேஷனுக்கும் போய்விட்டு வந்திருப்பார்கள். இரண்டும் தப்பில்லை. ஆனால் புகார் கொடுக்க ஐந்து வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு. கணக்கை இறக்கும் வழி பணத்தை மீட்காது, ஆளைப் பிடிக்கும் வழி கணக்கைச் சீக்கிரம் இறக்காது. எதை முதலில் எடுப்பது என்பதுதான் கேள்வி.

சொல்ல வசதியாக ஒரு கேஸை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துத் தையல்கடை அக்காவுக்கு ஃபேஸ்புக்கில் கடைப் பெயரில் ஒரு கணக்கு. முகப்புப் படமாக மாரியம்மன். நடுவில் எப்போதோ கல்யாண வீட்டில் எடுத்த சொந்தப் படங்களும் உண்டு. யாரோ ஒருவர் அந்தப் படங்களை எடுத்து, அக்காவின் சொந்தப் பெயரிலேயே ஒரு கணக்கு திறந்து, அக்காவின் நட்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கு வரிசையாக ரிக்வெஸ்ட் அனுப்பினார். அப்புறம் மெசஞ்சரில், "அவசரமா ஐயாயிரம் வேணும், சாயந்தரம் தந்துடறேன்" என்று ஒரு ஜிபே எண். பொள்ளாச்சியில் இருக்கும் சித்தி மகள் நாலாயிரம் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, "வந்துச்சாக்கா?" என்று கேட்க போன் செய்தபோதுதான் அக்காவுக்கே விஷயம் தெரிந்தது.

அக்கா முதலில் செய்தது பாஸ்வேர்டை மாற்றியது. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. உங்கள் கணக்குக்குள் யாரோ புகுந்திருந்தால்தான் பாஸ்வேர்டு பிரச்சினை. இங்கே யாரும் உள்ளே வரவில்லை. வெளியே எல்லோரும் பார்க்கும்படி இருந்த பெயரையும் படத்தையும் நகல் எடுத்திருக்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் கணக்கில் நீங்கள் வழக்கம்போல நுழைய முடிகிறது, நீங்கள் அனுப்பாத செய்தி எதுவும் உங்கள் மெசஞ்சரில் இல்லை, பணம் கேட்ட செய்தி வேறொரு கணக்கிலிருந்து புது ரிக்வெஸ்டாக வந்திருக்கிறது என்றால் அது நகல்தான். உள்ளே புகுந்த கேஸுக்கு வழியே வேறு, அதை இங்கே பேசவில்லை.

அடுத்து, அக்கா தன் போனில் எவ்வளவு தேடியும் அந்தக் கணக்கு கிடைக்கவில்லை. நகல் எடுக்கிறவர்கள் முதல் வேலையாக அசல் ஆளை பிளாக் செய்துவிடுவார்கள். "தேடினேன், இல்லை, போயிடுச்சு போல" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான். சித்தி மகள் போனில் பார்த்தால் அப்படியே இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: ஆதாரத்தை எடுத்து வைப்பது. அதற்குப் போலிக் கணக்கு தெரிகிற போன் வேண்டும். அந்தக் கணக்கின் முகப்பில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தினால் Copy link வரும். அந்த இணைப்பை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் பல கணக்குகளின் இணைப்பு `profile.php?id=` என்று ஆரம்பித்து ஒரு நீண்ட எண்ணோடு முடியும். அவர்கள் பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது. இன்ஸ்டாகிராமில் அப்படி இல்லை. பயனர் பெயர்தான் இணைப்பில் வரும், அவர்கள் அதை மாற்றினால் உங்கள் இணைப்பு வேலை செய்யாது. அதனால் அங்கே இன்னும் சீக்கிரம் செய்ய வேண்டும். முகப்பு, படங்கள், பணம் கேட்ட உரையாடல், ஜிபே எண், எல்லாவற்றையும் நாளும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வெறும் பெயரை எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவதில் அர்த்தமில்லை. அதே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

"கணக்கை எடுத்துட்டா ஆதாரம் போயிடுமே, போலீஸ் வர்ற வரைக்கும் விட்டு வைக்கணுமா?" என்று அக்காவின் மகன் கேட்டான். நல்ல கேள்வி. வேண்டியதில்லை. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, புகாரின் பேரில் நீக்கியதையும் அது தொடர்பான பதிவுகளையும் நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும், விசாரணைக்காக. ஆனால் போலீஸ் நிறுவனத்திடம் கேட்கும்போது "இந்தக் கணக்கு" என்று சுட்டிக்காட்ட இணைப்பு வேண்டும். இணைப்பு கையில் இருந்தால் தைரியமாக நீக்கச் சொல்லலாம். அந்த 180 நாளுக்குள் போலீஸ் புகாரும் நகர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இப்போது வழிகள்.

முதல் வழி, ஆப்புக்குள்ளேயே புகார். போலிக் கணக்கின் முகப்பு, மூன்று புள்ளி, Report profile. அதன்பின் காரணம் கேட்கும். இங்கேதான் பெரும்பாலான புகார்கள் வீணாகின்றன. அக்காவின் மகன் அவசரத்தில் ஸ்பாம் என்பதைத் தட்டியிருந்தான்; விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்தால் அது சரியான பதில்தான். அந்தக் கணக்கில் விளம்பரமும் இல்லை, கெட்ட படமும் இல்லை. ஒரு பெண்ணின் குடும்பப் படங்கள் மட்டும் இருக்கின்றன. தட்ட வேண்டியது "வேறொருவர் போல நடிக்கிறார்" என்ற பொருள் வரும் வரி. அடுத்து யார் போல என்று கேட்கும்: Me, A friend என்று வரும். வரிகளின் வார்த்தைகள் அப்டேட்டுக்கு அப்டேட் கொஞ்சம் மாறும், பொருளைப் பார்த்துத் தட்டுங்கள். அசல் ஆளே பிளாக் செய்யப்பட்டிருந்தால், கணக்கு தெரிகிற உறவினர் தன் போனிலிருந்து A friend என்று கொடுத்து, அசல் கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில், யாருடைய பெயர் திருடப்பட்டதோ அவரே கொடுக்கும் புகாரைத்தான், அல்லது குழந்தைக்காகப் பெற்றோர் கொடுப்பது போன்ற உரிமையுள்ள பிரதிநிதியின் புகாரைத்தான் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அங்கே கொடுப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை.

நூறு பேர் ரிப்போர்ட் அடித்தால் கணக்கு போய்விடும் என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் ரொம்ப உண்டு. எண்ணிக்கை முடிவு செய்வதில்லை என்று அந்த நிறுவனமே உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. தப்பான காரணத்தோடு நூறு பேர் கொடுப்பதைவிட, சரியான காரணத்தோடு அசல் ஆள் ஒருவர் கொடுப்பது மேல்.

அதிலும் ஒரு சிக்கல். புகாரைப் பார்க்கிறவருக்கு, அல்லது பார்க்கிற இயந்திரத்துக்கு, எது அசல் எது நகல் என்று எப்படித் தெரியும்? ஒரு பக்கம் கடைப் பெயரும் மாரியம்மன் படமும். இன்னொரு பக்கம் அக்காவின் சொந்தப் பெயரும் முகமும். பார்த்தால் போலிதான் அசல் போலத் தெரியும்! அதனால் மறுபடி புகார் கொடுக்கும் முன்னால் அக்காவின் கணக்கில் முகம் தெரிகிற படத்தை வைத்து, பெயரைச் சொந்தப் பெயராக மாற்றச் சொன்னேன். சாமி படத்தை எடுப்பதற்கு அக்காவுக்குக் கொஞ்சம் மனசில்லை. கவர் படமாக வைத்துக்கொள்ளலாம் என்றதும் ஒத்துக்கொண்டார். பல வருடப் பழைய பதிவுகள் உங்கள் கணக்கில் இருப்பதும் உங்கள் பக்கம் பேசும். இன்ஸ்டாகிராமில் About this account என்ற இடத்தில் கணக்கு தொடங்கிய மாதமும் ஆண்டும் வரும், போலியில் அது பெரும்பாலும் போன வாரமாக இருக்கும். அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

இந்த வழியின் பலம், செலவில்லை, அலைச்சலில்லை, சரியாகக் கொடுத்தால் சில மணி நேரத்தில்கூட முடியலாம். பலவீனம், ஆப்பில் தட்டிய புகாருக்குப் பதில் வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதே தெரியாது.

இரண்டாவது வழி, அடையாள அட்டையோடு படிவம். கணக்கே இல்லாதவர்கள் இருக்கிறார்களே, அம்மா, அப்பா, ஓய்வுபெற்ற வாத்தியார், அவர்கள் பெயரில் போலி வந்தால் ஆப்புக்குள் புகார் கொடுக்க முடியாது. அவர்களுக்காக ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டின் உதவிப் பக்கத்திலும் ஆள்மாறாட்டப் புகார்ப் படிவம் உண்டு. அரசு அடையாள அட்டையின் படத்தைக் கேட்கும். ஆதார் கொடுப்பதாக இருந்தால் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்தில் பதிவிறக்கும்போதே கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் பதிப்பைக் கேட்டு வாங்கலாம். எல்லை ஊர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வாக்காளர் அட்டையில் வீட்டுப் பெயரும் சேர்ந்து இருக்கும். போலிக் கணக்கில் இருக்கும் பெயரோடு அதிகம் ஒத்துப்போகும் அட்டை எது என்று பார்த்து அதை அனுப்புங்கள். பெயர் முழுக்க வேறாக இருக்கும் அட்டையை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வீண்.

மூன்றாவது வழியைத்தான் பலர் கேள்விப்பட்டதே இல்லை: குறைதீர் அதிகாரி. அதே 2021 விதிகள், பெரிய சமூக வலைத்தளம் ஒவ்வொன்றும் இந்தியாவில் வசிக்கும் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும், அவரைத் தொடர்புகொள்ளும் வழியைத் தளத்தில் போட்டிருக்க வேண்டும் என்கின்றன. அதில் ஆள்மாறாட்டத்துக்கென்றே தனியாக ஒரு பிரிவு இருக்கிறது, 3(2)(b). பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால், மின்னணு வடிவில் ஆள்மாறாட்டம் என்று முதல் பார்வையில் தெரியும் உள்ளடக்கத்தை நிறுவனம் 2 மணி நேரத்துக்கு மேல் விட்டு வைக்கக் கூடாது; 2026 பிப்ரவரி வரை இந்தக் கெடு 24 மணி நேரமாக இருந்தது. வெட்டி ஒட்டிய படங்களுக்கும் இது பொருந்தும். ஆப்பில் தட்டும் புகாருக்கு நாம் சுட்டிக்காட்டக்கூடிய இப்படி ஒரு கெடு கிடையாது. அதனால்தான் முதல் வழியில் ஒருநாள் பார்த்துவிட்டு, நடக்காவிட்டால் உடனே இதற்கு வாருங்கள் என்பேன்.

இந்தப் புகாரில் கதை வேண்டாம். உங்கள் அசல் கணக்கின் இணைப்பு, போலிக் கணக்கின் இணைப்பு, எந்தெந்தப் படம் உங்களுடையது, ஆப்பில் முன்பே கொடுத்த புகாரின் ஸ்கிரீன்ஷாட், "விதி 3(2)(b)-ன் கீழ் ஆள்மாறாட்டப் புகார்" என்று ஒரு வரி. இவ்வளவு போதும். அக்காவின் மகன் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தான், சித்தி மகள் அழுதது வரை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எட்டு வரியாக்கினோம்.

குறைதீர் அதிகாரியும் முடியாது என்றால், அந்தப் பதில் வந்த 30 நாளுக்குள் gac.gov.in தளத்தில் மேல்முறையீடு செய்யலாம். அது மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழு, 2023-லிருந்து வேலை செய்கிறது, கட்டணம் இல்லை. எல்லாமே இணையத்தில்தான், டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் முதலில் குறைதீர் அதிகாரியிடம் கொடுத்திருக்க வேண்டும். ஆப்பில் மட்டும் தட்டிவிட்டு நேராக அங்கே போக முடியாது.

நான்காவது, போலீஸ். போலி சும்மா இருக்கிறது, யாரையும் ஏமாற்றவில்லை என்றால் இதை முதலில் எடுக்க வேண்டியதில்லை. பணம் போயிருந்தால், மிரட்டல் வந்திருந்தால், ஆபாசப் படம் சேர்ந்திருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான்.

அக்கா கேஸில் எல்லைச் சிக்கல் வந்தது இங்கேதான். பெயரும் படமும் போனது அக்காவுக்கு, அவர் இருப்பது கேரளா. பணம் போனது சித்தி மகளுக்கு, அவள் இருப்பது தமிழ்நாடு. கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் பொள்ளாச்சி, ஆனால் போலீஸ் வேறு. அக்காவே இரண்டுக்கும் புகார் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். அது சரிவராது. பணப் புகாரைப் பணம் போட்டவர்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் வங்கிக் கணக்கும் பரிவர்த்தனை விவரமும் அவருடையவை. சித்தி மகள் உடனே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிட்டு, ஜிபேயில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் தெரியும் 12 இலக்க யுபிஐ எண்ணைச் சொல்ல வேண்டும். பணம் போன கணக்கிலேயே இன்னும் கிடந்தால்தான் நிறுத்தி வைக்க முடியும். அங்கிருந்து அடுத்த கணக்குக்கும் ஏடிஎம்முக்கும் போவதற்குள் சொல்லியாக வேண்டும். சாயந்தரம் மாமா வந்ததும் பார்த்துக்கலாம் என்று விடுகிற விஷயமில்லை.

அக்காவுடைய புகார் வேறு: ஆள்மாறாட்டம். cybercrime.gov.in தளத்தில் சமூக வலைத்தளக் குற்றங்கள் பிரிவில் போலிக் கணக்கு என்று தேர்ந்தெடுத்து, தான் வசிக்கும் கேரளாவையும் பாலக்காடு மாவட்டத்தையும் போட வேண்டும். அதில் சித்தி மகளின் புகார் எண்ணையும், சித்தி மகள் புகாரில் இதன் எண்ணையும் குறிப்பிடச் சொன்னேன். இரண்டு மாநிலத்திலும் தனித்தனியாகக் கிடந்தால் அது ஒரு சின்னப் பண மோசடி, இது ஒரு ஃபேஸ்புக் தகராறு என்றுதான் தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் முழு உருவம் வரும்.

இந்தத் தளத்தில் பதிந்தது எஃப்ஐஆர் ஆகிவிடாது. அது மாவட்டத்துக்குப் போய், போலீஸ் பார்த்து முடிவெடுக்கும். எஃப்ஐஆர் வேண்டும் என்றால் ஸ்டேஷனில் கேட்க வேண்டும். "இது எங்க லிமிட் இல்ல" என்று எல்லையில் இரண்டு பக்கமும் கேட்டுப் பழகிவிட்டோம். 2024 ஜூலை 1-லிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைக் கொடுக்கலாம் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்கிறார்கள். சண்டை போடாமல் இந்தப் பிரிவு எண்ணை மட்டும் அமைதியாகச் சொல்லிப் பாருங்கள். குற்றத்துக்கான பிரிவுகள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66C, 66D. முதலாவது அடையாளத் திருட்டு, இரண்டாவது ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. இரண்டுக்கும் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கிறவர் குறைந்தது இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டும். அதனால் சின்ன ஸ்டேஷனில் எஸ்ஐ உங்களைச் சைபர் ஸ்டேஷனுக்கு அனுப்பினால் அது எப்போதும் தட்டிக்கழிப்பதாக இருக்காது. புகாரைத் தமிழில் எழுதினாலும், கூடவே நான்கு வரி மலையாளத்தில் வைத்துக்கொண்டால் இந்தப் பக்கம் வேலை சுலபம்.

ஐந்தாவதாக ஒரு வழியை யூடியூபில் ரொம்பச் சொல்கிறார்கள்: பதிப்புரிமைப் புகார். என் படத்தை என் அனுமதியில்லாமல் போட்டிருக்கிறார்கள் என்று கொடுப்பது. படம் சீக்கிரம் போய்விடும் என்பது உண்மைதான். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. முதலில், இதில் போவது படம்தான், கணக்கு அல்ல. அவர் வேறு படத்தைப் போட்டுக்கொள்வார். இரண்டாவது, படத்தில் இருப்பவர் வேறு, படத்தின் உரிமையாளர் வேறு. செல்ஃபி என்றால் உங்களுடையது. கல்யாண வீட்டில் மாமா எடுத்தது மாமாவுடையது. காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுக்கச் சொன்னது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நம் சட்டப்படி காசு கொடுத்தவருடையது. மூன்றாவதுதான் முக்கியம். பதிப்புரிமைப் புகார் கொடுத்தால், புகார் கொடுத்தவரின் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகலாம். ஆள்மாறாட்டப் புகாரில் அப்படி இல்லை. உங்களைத் தொல்லை செய்யவென்றே ஒருவர் போலிக் கணக்கு வைத்திருந்தால், அவர் கையில் நாமே முகவரியைக் கொடுத்தது போல ஆகும்.

அக்கா கடைசியில் எடுத்த வரிசை இது: சித்தி மகள் போனில் இணைப்பும் ஸ்கிரீன்ஷாட்டும், உடனே அங்கிருந்து 1930. அக்காவின் கணக்கில் பெயரையும் படத்தையும் சரிசெய்தோம். பிறகு சித்தி மகள் போனிலிருந்து A friend புகார், அக்காவின் பெயரில் குறைதீர் அதிகாரிக்கு எட்டு வரி, அன்று இரவே சைபர் தளத்தில் புகார். கணக்கு இறங்கிவிட்டது. பணம் இன்னும் வரவில்லை, புகார் நடக்கிறது. பணம் போகாத கேஸாக இருந்திருந்தால் போலீஸை விட்டுவிட்டு முதல் வழியும் மூன்றாவது வழியும் மட்டும் போதும் என்றிருப்பேன்.

இறங்கிய கணக்கு வேறு பெயரில் திரும்ப முளைப்பதும் உண்டு. போலிக்குத் தீனி உங்கள் நட்புப் பட்டியல்தான். யாரிடம் கேட்டால் காசு வரும் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஃபேஸ்புக் அமைப்புகளில் நட்புப் பட்டியலை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் Only me என்று மாற்றிவிடுங்கள். Lock profile போட்டால் நண்பர் அல்லாதவர்களுக்குப் படங்கள் பெரிதாகத் திறக்காது. மறுபடி வந்தால், புதிதாக ஆரம்பிக்காமல், குறைதீர் அதிகாரி முன்பு அனுப்பிய பதிலுக்கே பதிலாகப் புதுக் கணக்கின் இணைப்பை அனுப்புங்கள், பழைய புகார் எண்ணோடு.